ஐந்தாம் ஆண்டு விழா உரை: 31 பேருக்கும் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டுமா?

11 ஜனவரி 2025, இழையைத் தொடங்கியவர், மஞ்சக்குப்பம், கடலூர்

எங்கள் தெருவின் வாசகர் வட்டத்தின் முதல் கூட்டம் 2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இவ்வாண்டும் பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவதால் அன்றே ஐந்தாம் ஆண்டு விழாவை வைத்திருக்கிறோம். இதுவரை 57 கூட்டங்கள் நடந்துள்ளன. பதிவேட்டின்படி இப்போது 31 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். விழாவில் நிறைவாகப் பேசும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மறக்க முடியாத விவாதங்களை நினைவுகூர வேண்டும், உறுப்பினர்களுக்கு நன்றி கூற வேண்டும் என்பதே எனக்குச் சொல்லப்பட்டது.

உரையை எழுதிவிட்டேன். நேற்று இரவு கடிகாரத்தை எதிரில் வைத்து உரக்கப் படித்துப் பார்த்தபோது 13 நிமிடங்கள் ஆயின. ஏறத்தாழ 1,150 சொற்கள். அதில் ஆறு விவாதங்களும் 31 பெயர்களும் இருக்கின்றன. ஒரு பெயரை விட்டால் ஒருவர் மனம் வருந்தும். அனைவரையும் சொன்னால் கேட்பவர்கள் சோர்ந்துவிடுவார்கள். இத்தகைய உரையை ஆற்றியவர்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

11 ஜனவரி, நெல்லிக்குப்பம் வாசகர்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க விழாவில் அனைவருக்கும் பொன்னாடை போர்த்தினோம். ஒருவரும் விடுபடவில்லை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கடலூர் கடைகளைவிடப் பண்ருட்டியில் மலிவாகக் கிடைக்கும்.

11 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

ஐயா, தங்கள் அன்புக்கு நன்றி. என் கேள்வி உரையைப் பற்றியது. பொன்னாடை வேண்டாம் என்று வட்டத்தில் முன்பே முடிவு செய்துவிட்டோம். அந்தத் தொகைக்கு அடுத்த ஆண்டுக்கான நூல்களை வாங்குகிறோம்.

12 ஜனவரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விருத்தாசலம்

அம்மா, முதலில் விளியைப் பாருங்கள். "தலைமை ஏற்று அமர்ந்திருக்கும்" என்று தொடங்கி மேடையில் இருப்போர் ஒவ்வொருவருக்கும் இரண்டு அடைமொழி சேர்த்தால் அதுவே ஒன்றரை நிமிடத்தை விழுங்கும். உறவு தெரிந்தவர்கள் கூடும் அவையில் "வட்டத்து உறவுகளுக்கு வணக்கம்" என்பது போதும். முப்பது ஆண்டுகள் பள்ளி விழாக்களில் நன்றியுரை கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்ப் பட்டியல் தொடங்கியதும் அவை உரையைக் கேட்பதை விட்டுவிட்டுத் தன் பெயருக்காகக் காத்திருக்கிறது. தன் பெயர் வந்ததும் அதுவும் முடிந்துவிடுகிறது.

பெயருக்குப் பதில் செயலைச் சொல்லுங்கள். "மாதந்தோறும் பாய் விரித்தவர்" என்றால் யாரென்று அவைக்குத் தெரியும். அவரே தம்மைக் கண்டுகொள்வார். விவாதங்கள் ஆறு வேண்டாம், இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டிலும் யார் என்ன சொன்னார், அதன் பிறகு யாருடைய எண்ணம் எப்படி மாறியது என்பது வர வேண்டும். "அருமையான விவாதம்" என்று சொல்லிக் கடந்து போனால், அன்று வராதவருக்கு அதில் எதுவும் இல்லை.

14 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

பொங்கல் வேலைகளுக்கு நடுவே ஆறு விவாதங்களையும் வரிசையாக எழுதிவைத்து, எவற்றில் ஒருவருடைய கருத்தேனும் மாறியது என்று பார்த்தேன். நான்கில் எவரும் மாறவில்லை. அவை இனிமையான மாலைகளாக மட்டுமே இருந்தன. எஞ்சியவை இரண்டு.

முதலாவது 2021 ஜூன் மாதக் கூட்டம். மே 17 அன்று கி.ராஜநாராயணன் புதுச்சேரியில் மறைந்தார். ஊரடங்கு நீடித்ததால் கூட்டத்தைத் தொலைபேசி வழியே நடத்தினோம். அவர் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தவர் என்பதால், ஒவ்வொருவரும் தம் வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தோம். அன்று "கொண்டல்" என்ற சொல்லைப் பற்றி எழுந்த பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. எங்கள் வட்டத்தின் மூத்த தமிழாசிரியர்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து, கடலோரத்தில் அது கீழ்க்காற்றைக் குறிக்கும் என்று விளக்கினார்.

இரண்டாவது 2023 ஆகஸ்ட் மாதக் கூட்டம். ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்" சிறுகதை. அவர் பிறந்த மஞ்சக்குப்பத்திலேயே அமர்ந்து அதைப் படித்தோம் என்பதால் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம்.

15 ஜனவரி, முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

அந்தக் கதையைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதற்குப் பணிந்து ஜெயகாந்தன் முடிவை மாற்றி எழுதினார். தாய் மகளை ஏற்றுக்கொள்ளாத வேறு முடிவு பின்னால் நூலாக வந்தது.

15 ஜனவரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, ஆண்டும் இதழும் சரி. எதிர்ப்பு எழுந்ததும் சரி. ஆனால் சிறுகதையின் முடிவு மாற்றப்படவில்லை. காரில் ஏற்றிச் சென்ற அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு மழையில் திரும்பி வந்த மகளின் தலையில் தாய் நீர் ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்வதாகவே இன்றும் அச்சில் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடுவது "சில நேரங்களில் சில மனிதர்கள்" என்ற நாவல். தாய் அவ்வாறு நடந்துகொள்ளாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து அது எழுந்தது. அந்த நாவலுக்குள் சிறுகதையே ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். பணிந்தவர் இப்படி எழுதமாட்டார். தம்மை எதிர்த்தவர்களிடம், நீங்கள் விரும்பிய வழியில் போனால் விளைவு இதுதான் என்று அவர் காட்டியதாகவே நான் படிக்கிறேன்.

15 ஜனவரி, முத்தியால்பேட்டை வாசகர்

நாவலுக்குள் கதை வருவதை மறந்துவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். ஆயினும் எதிர்ப்பு இல்லையென்றால் நாவலே பிறந்திருக்காது என்ற என் எண்ணத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

16 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

ஜெயகாந்தன் பிறந்த ஊரின் மேடையிலிருந்து அந்தப் பிழையான செய்தியைச் சொல்லியிருந்தால் நாள் முழுவதும் அதுவே பேச்சாகியிருக்கும். இருவருக்கும் நன்றி. இந்தத் திருத்தம், அன்றைய விவாதத்தில் எனக்கு அப்போது பிடிபடாத ஒன்றையும் இப்போது விளங்க வைத்தது. அதை எழுதுகிறேன்.

கூட்டம் நடக்கும் வீட்டின் அம்மா எங்கள் பதிவேட்டில் உறுப்பினர் அல்லர். ஐந்து ஆண்டுகளாகச் சுண்டலும் சுக்குக் காப்பியும் தருபவர். சமையலறை வாசற்படியில் நின்று கேட்பாரே தவிர வந்து அமர்ந்ததில்லை. அன்று நாங்கள் அனைவரும் தண்ணீர் ஊற்றும் காட்சியைப் பற்றியே பேசினோம். சடங்கா, சடங்கை மீறுதலா என்று இரண்டாகப் பிரிந்து நின்றோம். அவர் கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் விசாரித்தபோது, பெண் மழையில் நனைந்துவிட்டாள் என்று அந்தத் தாய் பொய் சொன்னாளே, அதை ஏன் யாரும் பேசவில்லை?"

எவரும் உடனே பதில் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்றியது தண்ணீர் அன்று, அந்தப் பொய்தான் என்பது அவருடைய வாதம். அண்டை வீட்டாருக்கு உண்மை தெரிந்திருந்தால் எத்தனை குடம் ஊற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றார். ஆசிரியர் ஐயா மேலே எழுதியதைப் படித்தபோது, அந்த அம்மா சுட்டிய இடத்திலிருந்துதான் நாவலும் தொடங்குகிறது என்று உணர்ந்தேன். அவர் அந்த நாவலைப் படித்ததில்லை. இது உரையில் இடம்பெற்றே ஆக வேண்டும்.

16 ஜனவரி, திருப்பாதிரிப்புலியூர் வாசகி

அக்கா, நானும் அன்று அங்கே இருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு நம் உறுப்பினர் ஒருவர் தம் சொந்த வீட்டில் நடந்ததைச் சொன்னார், நினைவிருக்கிறதா? உரையில் அதையும் சேர்க்கப் போகிறீர்களா?

17 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

சேர்த்திருந்தேன். என் முதல் வரைவில் மிக நீளமான பத்தி அதுதான். பெயர் குறிப்பிடாமல் எழுதியிருந்ததால் போதும் என்று நினைத்தேன். இந்தக் கேள்வியைப் படித்த பின் மனம் ஒப்பாமல் அவரிடமே பத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அன்று பத்துப் பதினைந்து பேர் இருந்தோம், கதவு சாத்தியிருந்தது. விழாவுக்கு என் மருமகள் வருகிறாள். பெயர் இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்."

பத்தியை அங்கேயே அடித்துவிட்டேன். ஒருவர் விவாதத்தில் தம் வாழ்க்கையை எடுத்து வைப்பது அந்த அறையை நம்பித்தான். அதை மேடைக்குக் கொண்டுபோகும் உரிமை நமக்கு இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் முழுமையாக அறிந்தேன். இப்போது உரையில் "அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களில் சிலர் கதையை விட்டுத் தம் வீடுகளைப் பற்றிப் பேசினார்கள், அது அந்த அறையிலேயே இருக்கட்டும்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் உள்ளது. இந்த வாக்கியத்தையும் அவரிடம் படித்துக் காட்டினேன், சரி என்றார்.

20 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

14ஆம் தேதி எழுதியதில் ஒரு பெரும் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும்.

எங்கள் பதிவேடு தென்பெண்ணையாற்றங்கரையை ஒட்டி வசிக்கும் உறுப்பினரின் வீட்டில் இருந்தது. கடந்த டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு புகுந்தது. டிசம்பர் கூட்டம் நடக்காமல் போனதும் அதனால்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடு முழுக்க ஊறிவிட்டது. அவர் அதை எறிந்துவிடாமல், தாள்களுக்கு இடையே செய்தித்தாளை மடித்து வைத்து, மின்விசிறிக் காற்றில் பல நாள் உலர்த்தியிருக்கிறார். நேற்றுதான் என் கைக்கு வந்தது. ஊற்றுப்பேனா மையில் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பந்துமுனைப் பேனாவில் எழுதியவற்றைப் படிக்க முடிகிறது. 2021 ஜூன் பக்கம் பந்துமுனைப் பேனாவில் எழுதப்பட்டது.

அதில் தெளிவாக இருக்கிறது: "கொண்டல்" என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் எங்கள் வட்டத்து ஆசிரியர் அல்லர். தேவனாம்பட்டினத்தில் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் உறுப்பினர். ஆசிரியர் அப்போது, கொண்டல் என்றால் மேகம் என்றுதான் பொருள் என்று மறுத்திருக்கிறார். மற்றவர் விடாமல், மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் குழந்தைக்குக்கூட இது தெரியும் என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் அடுத்த மாதம் நிகண்டைப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மூன்றரை ஆண்டுகளில் என் நினைவு அந்தச் சொல்லை எடுத்து ஆசிரியரின் வாயில் வைத்துவிட்டது. அவர் கணீரென்று நிறையப் பேசுபவர். மற்றவர் மாதத்துக்கு ஒருமுறை வாய் திறந்தாலே அதிகம். நல்ல சொல்லெல்லாம் காலப்போக்கில் உரத்த குரல் உள்ளவர்கள் பக்கம் நகர்ந்துவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. எஞ்சிய மேற்கோள்கள் அனைத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். மொத்தம் ஒன்பதில் மூன்று தவறான ஆளின் பெயரில் இருந்தன. இரண்டு பக்கங்கள் அழிந்துவிட்டதால் ஒன்றை உறுதிசெய்ய முடியவில்லை, அதை நீக்கிவிட்டேன்.

21 ஜனவரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கொண்டல், தென்றல், கோடை, வாடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் பழம்பெயர்கள் உண்டு, கொண்டல் கீழ்க்காற்றே. மேகம் என்பதும் பொருந்தும், ஏனெனில் அந்தக் காற்றோடுதான் நம் கரைக்கு மழை வருகிறது. உங்கள் வட்டத்து ஆசிரியர் சொன்னதும் பிழையன்று, பாதி. அவர் நிகண்டைத் தேடிப் பார்த்து ஒப்புக்கொண்டதை உரையில் சொல்ல மறவாதீர்கள். தவறைத் திருத்திக்கொண்டவருக்கும் நன்றி உரியது. ஆனால் மேடைக்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

21 ஜனவரி, நெல்லிக்குப்பம் வாசகர்

எங்கள் சங்கத்திலும் மோட்டார் அறைச் சாவியைப் பதினோரு ஆண்டுகள் வைத்திருந்த ஒருவர் உண்டு. பொன்னாடை போர்த்தினோமே தவிர அதை ஒருவரும் மேடையில் சொல்லவில்லை. இந்த இழையைப் படித்த பிறகுதான் அது உறைக்கிறது.

25 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

ஆசிரியரிடம் கேட்டேன். "தாராளமாகச் சொல்லுங்கள், அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன்" என்றார். இப்போது உரை 620 சொற்கள், ஏழு நிமிடங்கள். நன்றிப் பகுதி இப்படி அமைந்திருக்கிறது:

"ஊரடங்கில் எழுத்து மங்கிய கண்களுக்காகத் தொலைபேசியில் கதையை முழுவதும் படித்துக் காட்டியவருக்கு நன்றி. இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்து, சுவரோரம் அமர்ந்து, கண் மூடாமல் கேட்டவருக்கு நன்றி. வெள்ளத்தில் தம் வீட்டுப் பொருள்கள் மிதந்தபோதும் நம் பதிவேட்டைத் தாள் தாளாக உலர்த்தியவருக்கு நன்றி. நூலைப் படிக்காமல் வந்த மாதங்களில், படிக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னவர்களுக்கும் நன்றி."

31 பெயர்களும் சேர்ந்த நாளின் வரிசையில் ஒரு தாளில் அச்சாகி மண்டப வாயிலில் ஒட்டப்படும். நம்மை விட்டு மறைந்த இரண்டு உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்வேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. வாசற்படி அம்மாவை மேடைக்கு அழைக்கலாமா? உறுப்பினர் அல்லாதவரை அழைத்தால் முறையாகுமா என்று வட்டத்தில் இருவர் கேட்கிறார்கள்.

25 ஜனவரி, திருப்பாதிரிப்புலியூர் வாசகி

அக்கா, 57 கூட்டங்களுக்கும் இருந்தவர் அவர் ஒருவர்தான். வேறு யாருக்கு அந்த வருகைப் பதிவு இருக்கிறது?

26 ஜனவரி, முத்தியால்பேட்டை வாசகர்

அழைக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யும் முன் அவருக்கு விருப்பமா என்று கேட்டீர்களா? ஐந்து ஆண்டுகள் வாசற்படியில் நின்றது அவருடைய தேர்வாகவும் இருக்கலாம்.

27 ஜனவரி, இழையைத் தொடங்கியவர்

கேட்டேன். மேடை வேண்டாம் என்றார். கேள்வியைச் சொல்லலாமா என்றதற்கு, "சொல்லுங்கள், ஆனால் நான் கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள், இலக்கியமாக்கிவிடாதீர்கள்" என்றார். அது அவருடைய தேர்வா, அல்லது நாங்கள் ஒருமுறையும் பாயில் இடம் விட்டு அழைக்காததால் வந்த பழக்கமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அவர் கணவரிடம் கேட்டால் ஒரு பதில், மகளிடம் கேட்டால் வேறு பதில்.

10 பிப்ரவரி, இழையைத் தொடங்கியவர்

நேற்று விழா முடிந்தது. ஏழு நிமிடம் என்று கணக்கிட்டது எட்டரை ஆயிற்று. "உலர்த்தியவருக்கு" என்ற இடத்தில் அவை கைதட்டியதையும், மறைந்தவர்களின் பெயர்களைச் சொன்னபோது என்னால் உடனே தொடர முடியாமல் போனதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. வாசற்படி அம்மா கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்திருந்தார். கேள்வியை அவர் கேட்டபடியே சொன்னேன். அப்போது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தவர்கள் பலர். அவர் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் தேவனாம்பட்டினத்து உறுப்பினர் அருகே வந்தார். நன்றி சொல்லவில்லை. "அன்று நான் மூன்று காற்று சொன்னேன் அம்மா. தெற்கிலிருந்து வருவது சோழகம். அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள்" என்றார். வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் தாளின் விளிம்பு கிழிந்திருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் பந்துமுனைப் பேனாவால் "சோழகம்: தெற்கு" என்று எழுதி, அவர் பெயரையும் நேற்றைய தேதியையும் போட்டுவைத்தேன்.